ராஜ்மாவை எதில் வேகவைப்பது: குக்கரா, திறந்த பாத்திரமா, ஸ்லோ குக்கரா, டின்னா?

விடிகாலை நாலரை மணிக்கு போன் வந்தது. இங்கிலாந்தில் படிக்கிற அக்கா மகன். அங்கே இரவு பதினொன்று. "சித்தி, மூணு பேரும் மாத்தி மாத்தி வாந்தி எடுக்கிறோம். சாப்பாட்டில் என்ன தப்புன்னே தெரியலை" என்றான். எட்டரைக்கு ராஜ்மாவும் சோறும் சாப்பிட்டிருக்கிறார்கள். பத்து மணிக்கு ஒருவனுக்கு ஆரம்பித்து, அடுத்த அரை மணி நேரத்தில் மற்ற இருவருக்கும் வந்துவிட்டது. யாருக்கும் காய்ச்சல் இல்லை. சோறு அப்போதுதான் வடித்தது. நாலாவது பையன் தயிரும் சோறும் மட்டும் சாப்பிட்டதால் அவனுக்கு ஒன்றுமில்லை.

எப்படிச் சமைத்தாய் என்று கேட்டேன். ராஜ்மாவை நாலு மணி நேரம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரோடு அப்படியே, யாரோ விட்டுப்போன பழைய ஸ்லோ குக்கரில் கொட்டி, 'Low' என்று வைத்துவிட்டு வகுப்புக்குப் போயிருக்கிறான். ஐந்து மணி நேரம் கழித்து வந்து மசாலா சேர்த்திருக்கிறான். "நல்லா வெந்திருந்தது சித்தி, நடுவில் மட்டும் லேசா மாவு மாதிரி இருந்தது." அந்த மாவு மாதிரி இருந்த நடுப்பகுதியில்தான் வினை.

அவன் கதையைச் சொன்னதிலிருந்து, தெரிந்தவர்கள் ஆளுக்கொரு கேள்வி கேட்கிறார்கள். குக்கரில் வைத்தால் போதுமா, எத்தனை விசில்? ஹாஸ்டலில் இண்டக்‌ஷன் அடுப்பு மட்டும் இருக்கிறது, என்ன செய்வது? தெர்மல் குக்கரில் வைக்கலாமா? டின்னில் வருவதை நம்பலாமா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்கு எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதிவிடுகிறேன்.

## முதலில், எதை வைத்து ஒப்பிடுவது

ராஜ்மாவில் லெக்டின் வகையைச் சேர்ந்த ஒரு புரதம் இருக்கிறது. பைட்டோஹீமக்ளூட்டினின் என்பது அதன் பெயர். வயிற்றுக்குள் போனால் இது செரிக்காமல் குடலின் உள்தோலில் போய் ஒட்டிக்கொள்கிறது. அதன் விளைவுதான் ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் தொடங்கும் குமட்டல், அடக்க முடியாத வாந்தி, பிறகு வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு. பச்சையாக நாலைந்து விதை உள்ளே போனாலே போதும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் தரும் கணக்கில், பச்சை ராஜ்மாவில் இந்தப் புரதத்தின் வீரியம் 20,000 முதல் 70,000 அலகு வரை இருக்கும். முழுதாக வெந்ததில் 200 முதல் 400 அலகுதான். வெள்ளை ராஜ்மாவிலும் இது உண்டு, சிவப்பில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு.

இந்தப் புரதத்தை அழிப்பது கொதிக்கும் தண்ணீரின் சூடு. 100 டிகிரியில் பத்து நிமிடத்தில் அழிந்துவிடும் என்றாலும், ஒவ்வொரு விதையின் நடுவிலும் அந்தச் சூடு போய்ச் சேர வேண்டும் என்பதற்காக முப்பது நிமிடம் கொதிக்கவிடச் சொல்கிறது அதே நிர்வாகம். சூடு குறைவாக இருந்தால் நேரம் கூட்டி ஈடுகட்டலாம் என்று நினைப்போம் இல்லையா, இங்கே அந்தக் கணக்கு எடுபடாது. 80 டிகிரி வரை மட்டும் சூடேறிய ராஜ்மாவில் நச்சின் வீரியம் பச்சையாக இருந்ததைவிட ஐந்து மடங்கு வரை கூடலாம். அரைவேக்காடு பச்சையைவிட மோசம் என்பது இந்தப் பயறுக்கு நிஜமாகவே பொருந்தும்.

ஆகவே எந்த முறையாக இருந்தாலும் நான் பார்ப்பது மூன்று விஷயம். விதையின் நடுப்பகுதி கொதிநிலையைத் தொடுகிறதா? தொட்டதை நம்மால் கண்ணால் பார்த்தோ கடிகாரத்தில் பார்த்தோ உறுதிப்படுத்த முடிகிறதா? அவசரத்தில், அசதியில் செய்தால் எங்கே தப்பு நடக்கும்? ருசி, கேஸ் செலவு எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

## எதில் வேகவைத்தாலும் ஊறவைப்பது ஒன்றுதான்

ஒரு கப் ராஜ்மா என்றால் சுமார் 200 கிராம். அதற்கு ஒரு லிட்டர் தண்ணீர். ஐந்து மணி நேரம் என்பது குறைந்தபட்சம். ராத்திரி போட்டு காலையில் எடுப்பதுதான் நம் வீட்டுக்குச் சரிப்படும். நன்றாக ஊறியதா என்று பார்க்க ஒரு விதையை நகத்தால் இரண்டாகப் பிளந்து பாருங்கள். வெட்டுப்பகுதி முழுவதும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். நடுவில் வெள்ளையாக, காய்ந்த சுண்ணாம்பு மாதிரி ஒரு புள்ளி தெரிந்தால் இன்னும் தண்ணீர் உள்ளே போகவில்லை. அந்த விதை வேகும்போதும் நடுப்பகுதி பின்தங்கிவிடும்.

ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, இரண்டு முறை அலசி, புதுத் தண்ணீரில்தான் வேகவைக்க வேண்டும். "சத்தெல்லாம் அதில்தானே போகும்" என்று அம்மா தலைமுறை கேட்கும். வயிற்றை உப்பவைக்கும் சர்க்கரைகளும் கரைந்து வந்த நச்சில் ஒரு பங்கும் அதில்தான் போகின்றன, போகட்டும். ஆனால் ஊறவைப்பதே நச்சைப் போக்கிவிடும் என்று நினைக்கக் கூடாது. 1976-ல் இங்கிலாந்தில் சுற்றுலா போன பள்ளி மாணவர்கள் ஊறவைத்த ராஜ்மாவை வேகவைக்காமல் சாப்பிட்டுத்தான் வாந்தியில் விழுந்தார்கள். அதிலிருந்து 1989 வரை அந்த நாட்டில் இப்படி ஐம்பது சம்பவங்கள் சந்தேகத்தின் பேரில் பதிவாயின.

சென்னை வெயிலில் பத்து மணி நேரத்துக்கு மேல் வெளியே ஊறினால் நுரைத்து, புளித்த வாடை வரும். மே மாதத்தில் நான் ஃபிரிட்ஜுக்குள்தான் ஊறவைக்கிறேன். ஊறவைக்க மறந்துவிட்டால், மூன்று நிமிடம் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, ஒரு மணி நேரம் மூடிவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டலாம். அது ஊறவைப்பதற்கான மாற்று மட்டும்தான். வேகவைக்கும் நேரத்தில் அந்த மூன்று நிமிடத்தைக் கழித்துக்கொள்ள முடியாது.

## பிரஷர் குக்கர்

உள்ளே சுமார் 120 டிகிரி வரை சூடேறும். நச்சை அழிப்பதில் இதற்கு இணையில்லை, நேரமும் கேஸும் மிச்சம். நம்மூர் வீட்டில் ஒரே ஒரு வழிதான் சொல்ல முடியும் என்றால் இதைத்தான் சொல்வேன்.

சிக்கல் விசில் கணக்கில் இருக்கிறது. என் குக்கரில் பெரிய தீயில் ஒரு நிமிடத்துக்கு ஒரு விசில் வரும். மாமியாரின் பழைய குக்கரில் கேஸ்கெட் தளர்ந்துவிட்டதால் அழுத்தம் ஏறவே நேரமாகும், விசிலுக்குப் பதில் பக்கவாட்டில் 'புஸ்' என்று ஆவி போய்க்கொண்டிருக்கும். இரண்டிலும் 'ஐந்து விசில்' என்பது ஒரே சமையல் கிடையாது. அதனால் விசிலை எண்ணாதீர்கள், நிமிடத்தை எண்ணுங்கள். முதல் விசில் வந்ததும் தீயை சிம்மில் வைத்து, அங்கிருந்து இருபது முதல் இருபத்தைந்து நிமிடம். அணைத்த பிறகு ஆவி தானாக அடங்கட்டும்.

அலசிய ராஜ்மா ஒரு கப்புக்கு மூன்று கப் தண்ணீர். குக்கர் பாதிக்கு மேல் நிரம்பக் கூடாது. ராஜ்மா நன்றாக நுரைக்கும்; அந்த நுரையும் உரிந்த தோலும் ஆவி போகும் துளையை அடைத்துக்கொண்டால் அது வேறு ஆபத்து. மூடுவதற்கு முன் திறந்தபடி பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, மேலே திரளும் நுரையைக் கரண்டியால் எடுத்துவிடுவது என் பழக்கம். துளை அடைக்காது, கேஸ்கெட் சரியில்லாத குக்கராக இருந்தாலும் அந்தப் பத்து நிமிடக் கொதி கையில் இருக்கிறது.

தக்காளியும் புளியும் பயறு வெந்த பிறகுதான். புளிப்பு சேர்ந்தால் தோல் இறுகிக்கொண்டு வேகாமல் அடம்பிடிக்கும். 'ஒன் பாட்' ராஜ்மா என்று எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஐந்து விசில் விடும் முறைகளில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்கு இதுதான் காரணம். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் பகுதிகளிலும், பல மாதம் டப்பாவில் கிடந்த பழைய ராஜ்மாவிலும் இதே அடம் உண்டு. அப்போது ஊறவைக்கும் தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் உதவும்.

## திறந்த பாத்திரம்

ஹாஸ்டல் இண்டக்‌ஷன் அடுப்புக்கும், ஒரு ஆழமான சட்டி மட்டும் வைத்திருப்பவர்களுக்கும் இதுதான். இதன் பெரிய நன்மை, நடப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. தண்ணீர் தளதளவென்று, குமிழிகள் உடைந்துகொண்டே கொதிக்கிறதா இல்லையா என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய பிறகுதான் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். அங்கிருந்து முப்பது நிமிடம், தீயைக் குறைக்காமல். நடுவில் தண்ணீர் வற்றினால் கொதிக்கும் தண்ணீரைச் சேருங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கொதி அடங்கிவிடும், அது மறுபடி எழும்பும் வரை போகும் நேரத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. முப்பது நிமிடத்தில் நச்சு போய்விடும், ஆனால் விதை மெத்தென்று ஆக இன்னும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை ஆகலாம். அந்த மீதி நேரத்துக்குத் தீயைக் குறைத்துக்கொள்ளலாம். முதலில் பெரிய தீ, பிறகு சின்னத் தீ. வரிசை மாறக் கூடாது.

வெந்ததைப் பார்க்க ஒரே ஒரு விதையை நசுக்கி முடிவுக்கு வராதீர்கள். சட்டியின் வேறு வேறு இடங்களிலிருந்து ஐந்து விதை எடுத்து, விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே வைத்து அழுத்துங்கள். ஐந்தும் வெண்ணெய் போல நசுங்க வேண்டும். ஒன்றில் நடுவில் மாவுக் கட்டி தட்டுப்பட்டாலும் சட்டி இன்னும் அடுப்பில் இருக்கட்டும். அதே சமயம், மெத்தென்று இருப்பது மட்டும் சாட்சி ஆகாது. கொதித்த நேரமும் சேர்ந்து இருக்க வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு கேஸும் கவனமும். பக்கத்திலேயே நிற்க வேண்டும், பொங்கி அடுப்பெல்லாம் வழியும். ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்கு அருகிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதிப்பது போலவே தெரியும், ஆனால் சூடு ஏழு டிகிரி குறைவு. மலையில் இருந்தால் குக்கர்தான் சரி.

## ஸ்லோ குக்கர், தெர்மல் குக்கர்

காலையில் போட்டுவிட்டுப் போனால் மாலையில் சாப்பாடு தயார் என்பது பெரிய வசதி, மறுக்கவில்லை. ராஜ்மாவை நேரடியாக இதில் போடுவது மட்டும் வேண்டாம். ஸ்லோ குக்கரில் பல நேரம் உணவின் நடுப்பகுதி 75, 80 டிகிரியைத் தாண்டுவதில்லை. நச்சு அழியாமல் வீரியம் கூடும் வெப்பம் அதேதான். அக்கா மகனின் சட்டியில் நடந்தது இது. எட்டு மணி நேரம் வைத்திருந்தால் சரியாகியிருக்குமா என்று கேட்டான். அந்தப் பழைய குக்கர் எவ்வளவு சூடேறும் என்று தெரியாதபோது, எவ்வளவு நேரம் வைத்தாலும் அதை நம்ப முடியாது என்றேன்.

நம் ஊரில் ஸ்லோ குக்கர் அதிகம் இல்லை, ஆனால் சோறு வைக்கும் தெர்மல் குக்கர் பல வீடுகளில் இருக்கிறது. அரிசியை ஒரு கொதி விட்டு உள்ளே வைத்து மூடினால் சூட்டிலேயே வெந்துவிடும். அரிசிக்கு அருமையான முறை. ராஜ்மாவுக்கு அப்படி 'ஒரு கொதி' போதவே போதாது. மூடிய நொடியிலிருந்து வெப்பம் இறங்கத்தான் செய்யும். எலெக்ட்ரிக் மல்டி குக்கர் வைத்திருப்பவர்கள் எந்தப் பட்டனை அழுத்துகிறோம் என்று பார்க்க வேண்டும். 'Pressure' என்றால் அது பிரஷர் குக்கர், 'Slow cook' என்றால் அது ஸ்லோ குக்கர். பாத்திரம் ஒன்றுதான், விளைவு வேறு.

இவற்றைப் பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால், ஊறவைத்து அலசி, அடுப்பில் முப்பது நிமிடம் தளதளவென்று கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, பிறகு ஸ்லோ குக்கருக்கு மாற்றுங்கள். அவ்வளவு வேலை செய்த பிறகு ஸ்லோ குக்கர் எதற்கு என்று தோன்றினால், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. இறைச்சியோடு சேர்த்து நெடுநேரம் வேகவைக்கும் சில்லி கான் கார்னே மாதிரி பண்டத்துக்கு மட்டும் இது பொருத்தம்.

## டின்

டின்னில் வரும் ராஜ்மா, டின்னை மூடிய பிறகு உயர்ந்த வெப்பத்தில் வேகவைக்கப்பட்டது. திறந்து, அலசி, அப்படியே சாலடில் போடலாம். நச்சைப் பொறுத்தவரை வேலையே இல்லை. அலசினால் உப்பிலும் ஒரு பங்கு போய்விடும், வழவழப்பும் போகும்.

செலவுதான் இடிக்கும். 400 கிராம் டின்னில் தண்ணீரை வடித்தால் கையில் வருவது சுமார் 240 கிராம். நூறு கிராம் காய்ந்த ராஜ்மாவை வேகவைத்தாலே கிட்டத்தட்ட அவ்வளவு கிடைத்துவிடும். நம்மூர் கடைகளில் அந்த விலை வித்தியாசம் கண்ணைக் கரிக்கும். இங்கிலாந்து சூப்பர் மார்க்கெட்டில் டின் மலிவு. அதனால் அக்கா மகனிடம் "இனி நீ டின்தான்" என்று சொல்லிவிட்டேன். ஒரு ஆளுக்கு, வாரத்தில் ஒரு நாள் சமைப்பதற்கு, அதுவே புத்திசாலித்தனம்.

## ஒரு பார்வையில்

| முறை | நடுப்பகுதி வெப்பம் | எப்படி உறுதி செய்வது | எங்கே தப்பும் | யாருக்குச் சரி |
|---|---|---|---|---|
| பிரஷர் குக்கர் | சுமார் 120° வரை | முதல் விசிலுக்குப் பின் 20–25 நிமிடம் | விசில் எண்ணுவது, தளர்ந்த கேஸ்கெட் | குடும்பம், மலைப்பகுதி |
| திறந்த பாத்திரம் | 100° | கண்ணால் பார்க்கும் கொதி, 30 நிமிடம் | சீக்கிரம் தீயைக் குறைப்பது | ஹாஸ்டல், சாலட் |
| ஸ்லோ, தெர்மல் குக்கர் | 75–80° ஆகவே நின்றுவிடலாம் | உறுதி செய்ய முடியாது | நேரடியாகப் போடுவது | முன்பே கொதிக்கவைத்தால் மட்டும் |
| டின் | ஆலையிலேயே வெந்தது | தேவையில்லை | விலை, உப்பு | தனி ஆள், அவசரம் |

## ஒப்பீட்டுக்கே வராத இரண்டு

முளைகட்டுவது முதலாவது. பச்சைப்பயறு, கொண்டைக்கடலை மாதிரி ராஜ்மாவையும் முளைகட்டி எலுமிச்சை பிழிந்து சாப்பிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். முளைவிட்டாலும் நச்சு போகாது. முளைகட்டினாலும் அரை மணி கொதிக்கத்தான் வேண்டும்.

இரண்டாவது வறுப்பது. இது நம் வீடுகளுக்கு நெருக்கமானது. சத்துமாவுக்கு இருபது வகை தானியம் சேர்க்கும்போது ஒரு கைப்பிடி ராஜ்மாவையும் வறுத்துப் போடுகிறவர்கள் உண்டு. 2006-ல் ஜப்பானில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி, வெள்ளை ராஜ்மாவைச் சில நிமிடம் வறுத்துப் பொடித்துச் சோற்றில் தூவிச் சாப்பிட்டால் எடை குறையும் என்று காட்டியது. அதைப் பார்த்துச் செய்த நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு வாந்தியும் பேதியும். அதுவும் சிவப்பைவிட நச்சு குறைந்த வெள்ளை ராஜ்மாவில். வறட்டுச் சூடு விதைக்குள் சீராகப் போவதில்லை. குழந்தைக்குக் கொடுக்கும் சத்துமாவில் ராஜ்மாவை விட்டுவிடுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

கடையில் வாங்கும்போதும் ஒரு குழப்பம் வரும். சில கடைகளில் ராஜ்மாவையே 'சிவப்பு காராமணி' என்று எழுதி வைக்கிறார்கள். காராமணி சின்னது, தட்டைப்பயறு இனம். ராஜ்மா சிறுநீரக வடிவில், விரல்நக அளவு பெரிதாக இருக்கும். காராமணிக்கு வைக்கும் இரண்டு விசிலை ராஜ்மாவுக்கு வைத்துவிட்டால் அரைவேக்காடுதான்.

## சாப்பிட்டாகிவிட்டது என்றால்

இதற்கு மாற்று மருந்து கிடையாது. பெரும்பாலும் தொடங்கிய மூன்று நாலு மணி நேரத்தில் தானாக அடங்கிவிடும். அதுவரை ஓ.ஆர்.எஸ். கரைசலை ஒரு வாய், இரண்டு வாயாகக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். குடித்த தண்ணீர் கூட நிற்கவில்லை, சிறுநீர் போகவில்லை, வாந்தியிலோ மலத்திலோ ரத்தம் தெரிகிறது, அல்லது பாதிக்கப்பட்டவர் குழந்தை, முதியவர், கர்ப்பிணி என்றால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போய்விடுங்கள். முந்தைய நாள் சோறு சாப்பிட்டிருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். வெளியே கிடந்த பழைய சோற்றில் வளரும் கிருமியாலும் இதே மாதிரி சில மணி நேரத்துக்குள் வாந்தி வரும்.

பையன்கள் மூவரும் விடியும்போது எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். அடுத்த கேள்வி, "சட்டியில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கு சித்தி, மறுபடி கொதிக்கவைச்சா சாப்பிடலாமா?" நியாயமான கேள்விதான். அரைவேக்காடு என்று உடனே கண்டுபிடித்திருந்தால், தண்ணீர் சேர்த்து முப்பது நிமிடம் தளதளவென்று கொதிக்கவைத்துக் காப்பாற்றியிருக்கலாம். ஆனால் அது இரவு முழுவதும் அணைத்த குக்கரில், வெதுவெதுப்பில் கிடந்திருக்கிறது. கொட்டச் சொன்னேன். ஸ்லோ குக்கரையும் சேர்த்தா என்று கேட்டான். அதில் பாயாசம் வைத்துக்கொள்ளலாம் என்றேன்.